தைப்பூச மொட்டைக்குப் பின் மூக்கு பெரிதாகத் தெரிகிறதா? கல்யாணத்துக்குள் முடியையும் தாடியையும் சரிசெய்யும் வழி

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் முடி காணிக்கை செலுத்திவிட்டு வீடு திரும்பும் ஆண்கள் பலருக்கு அன்றிரவு கண்ணாடியில் ஒரு புது முகம் தெரியும். தலை சிறுத்தது போலவும், காது விரிந்தது போலவும், மூக்கு மட்டும் முன்னைவிடப் பெரிதானது போலவும் இருக்கும். பிறவியிலேயே நீளமான அல்லது எடுப்பான மூக்கு உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். பள்ளிக்கூட நாளில் 'கிளிமூக்கு' என்று கூப்பிட்டது திடீரென்று ஞாபகத்துக்கு வரும்.

வேண்டுதல் நிறைவேறிய மகிழ்ச்சியில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தையில் மொட்டை போட்டவருக்கு வைகாசியில் கல்யாணம் என்றால் கதை வேறு. கையில் இருப்பது நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் முடி எவ்வளவு வளரும், எந்த இடத்தில் வெட்டலாம், எந்த இடத்தில் கையே வைக்கக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டால், கல்யாணப் படத்தில் மூக்கு முகத்தோடு இசைந்து நிற்கும். தெரியாமல் மாதாமாதம் கடைக்குப் போய் "பக்கத்தை நல்லா ஏத்தி வெட்டுங்கண்ணே" என்று சொல்லி உட்கார்ந்தால், நான்கு மாதம் கழித்தும் மொட்டை போட்ட அன்று தெரிந்த அதே மூக்குதான் தெரியும்.

மூக்கு வளரவில்லை, துணைதான் போய்விட்டது

ஒரு மூக்கு பெரிதா சிறிதா என்பதைக் கண் தனியாக அளப்பதில்லை. அதன் பக்கத்தில் இருப்பவற்றோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது இது தெளிவாகப் புரியும். மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஈடாகப் பின்னந்தலையில் முடியின் பருமன் இருக்கிறது. கீழே முகவாய் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரு தராசு போல. மொட்டை போடும்போது பின்னந்தலையில் இருந்த 2 அல்லது 3 சென்டிமீட்டர் முடி போய்விடுகிறது. தாடியையும் சேர்த்து மழித்தால் முகவாயில் இருந்ததும் போகிறது. தராசின் இரண்டு தட்டும் இறங்கிவிட, மூக்கு மட்டும் மேலே நிற்கிறது.

இதனால்தான் மூக்கு எடுப்பாக உள்ளவர்கள் சிலருக்கு உண்மையில் பெரிய மூக்கே இருப்பதில்லை. அவர்களுக்கு இருப்பது உள்ளடங்கிய முகவாய். மூக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களும் மூக்கை மட்டும் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நிற்கவைத்து முகவாய் எவ்வளவு முன்னால் வருகிறது என்றும் பார்ப்பார்கள். சிலருக்கு முகவாயைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாலே மூக்கு அளவாகத் தெரியும். மருத்துவர் கத்தியால் செய்வதில் ஒரு பகுதியை, ஆண்கள் தாடியால் செய்துகொள்ள முடியும்.

முதலில் ஒரு படம், ஒரு பென்சில்

எதையும் வெட்டுவதற்கு முன்பு முகம் உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கைப்பேசியைக் கையில் பிடித்து எடுக்கும் செல்ஃபி இதற்கு உதவாது. கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் பொருள் பெரிதாகப் பதியும். முகத்தில் கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு. அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 5 அடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் ஆணின் மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது. செல்ஃபியைப் பார்த்துக் கவலைப்படுகிறவர் தன்னிடம் இல்லாத மூக்கைப் பார்த்துக் கவலைப்படுகிறார்.

எனவே வீட்டில் யாரையாவது 5 அடி தள்ளி நிற்கச் சொல்லி, கைப்பேசியை மூக்கின் உயரத்தில் பிடித்து, நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுக்க வேண்டும். வாயை இறுக்காமல் இயல்பாக மூடியிருக்க வேண்டும். தலையைத் தூக்கவோ தாழ்த்தவோ கூடாது.

அடுத்தது பென்சில் சோதனை. பக்கவாட்டில் நிற்பவரின் கீழுதட்டைத் தொட்டபடி ஒரு பென்சிலை நேர் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். பென்சில் முகவாயையும் தொட்டால், அல்லது தொடுகிற மாதிரி நெருங்கி நின்றால், முகவாய் போதிய அளவு முன்னால் இருக்கிறது. அவருக்கு நீண்ட தாடி தேவையில்லை. பென்சிலுக்கும் முகவாய்க்கும் நடுவே இன்னொரு பென்சில் நுழையும் அளவு இடைவெளி இருந்தால், முகவாய் உள்ளடங்கியது. அவருடைய மூக்குப் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கண்ணாடி காட்டாத பக்கம்

முடி வெட்டும் கடையில் உட்கார்ந்தவருக்கு எதிரே கண்ணாடி இருக்கும். அதில் தெரிவது நேர்முகம் மட்டுமே. எல்லாம் முடிந்த பிறகு கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பிடரியைக் காட்டுவார்கள். பக்கவாட்டுத் தோற்றத்தை அவர் கடைசிவரை பார்ப்பதே இல்லை. எடுப்பான மூக்கு அதிகமாகத் தெரிவதோ அந்தப் பக்கவாட்டில்தான். மணவறையில் கூட்டம் மாப்பிள்ளையைப் பார்ப்பதும் பெரும்பாலும் பக்கத்திலிருந்துதான்.

ஆகவே கைக்கண்ணாடியைக் கடைசியில் அல்ல, முதலிலேயே கேட்க வேண்டும். கைக்கண்ணாடியைக் காதருகே சாய்த்துப் பிடித்தால் பெரிய கண்ணாடியின் உதவியோடு தன் பக்கவாட்டைத் தானே பார்க்கலாம். அல்லது வீட்டில் எடுத்த பக்கவாட்டுப் படத்தை முடி திருத்துபவரிடம் காட்டலாம். நடிகர் படத்தைக் காட்டி "இந்த மாதிரி வெட்டுங்க" என்பதைவிட, தன் படத்தைக் காட்டி "பின்னால முடி வேணும், இங்க குறைக்காதீங்க" என்று சொல்வது அவருக்கும் வேலையை எளிதாக்கும்.

நான்கு மாதக் கணக்கு

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளரும். நான்கு மாதத்தில் சுமார் 5 சென்டிமீட்டர், அதாவது 2 அங்குலம். தாடியும் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. ஆனால் முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே மழிப்பது வேரைத் தொடுவதில்லை. வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் தொட்டால் சொரசொரப்பாக, அடர்த்தி கூடியது போலத் தோன்றும். அவ்வளவுதான். அதனால் அடர்த்தியை நம்பித் திட்டம் போடாமல், இருக்கிற 5 சென்டிமீட்டரை எங்கே விடுவது என்றுதான் திட்டம் போட வேண்டும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 29. செபராங் பிறையில் வீடு, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, தினமும் மோட்டார்சைக்கிள் பயணம். நீளமான மூக்கு, நடுவில் சிறு மேடு. பென்சில் சோதனையில் இடைவெளி தெரிகிறது. தைப்பூசத்துக்கு மொட்டை, வைகாசியில் கல்யாணம்.

இவருக்கு முதல் முடிவு தைப்பூசத்தன்றே வருகிறது. விரத நாளில் பலர் தாடியை மழிப்பதில்லை. 48 நாள் விரதம் என்றால் அன்று முகத்தில் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் தாடி இருக்கும். காணிக்கை தலைமுடி மட்டுமா, தாடியும் சேர்த்தா என்பது அவரவர் வேண்டுதலையும் குடும்ப வழக்கத்தையும் பொறுத்தது. வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. தலைமுடி மட்டும்தான் என்றால், அந்தத் தாடியை வழக்கத்துக்காக மழிக்க வேண்டியதில்லை. மொட்டைத் தலைக்குக் கீழே தாடி இருந்தால் பார்வை முகத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகும். மூக்கு தனித்து நிற்காது. நம் மாப்பிள்ளை தாடியையும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

முதல் மாதம்: தொடவே கூடாது

முதல் நான்கு வாரத்தில் தலையிலும் முகத்திலும் கத்தி, மெஷின் எதுவும் படக்கூடாது. இந்தச் சமயத்தில் பலர் செய்யும் தவறு, தாடியை மட்டும் மழித்து மீசையை விடுவது. அதிலும் மெல்லிய மீசை வைப்பது. மொட்டைத் தலை, மழித்த கன்னம், மூக்குக்கு நேர் கீழே ஒரு கறுப்புக் கோடு. வாக்கியத்தில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போட்டால் கண் அங்கே போவதைப் போல, பார்வை நேராக மூக்குக்குப் போகும். முகம் முழுவதும் ஒரே சீராக வளரவிடுவதே மேல்.

நான்காம் வாரம்: காதோரம் மட்டும்

இப்போது தலையில் ஏறக்குறைய 1.2 சென்டிமீட்டர் முடி இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு. காதுக்கு மேலே முடி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அது கண்ணை உறுத்தும். அப்போதுதான் கடைக்குப் போகத் தோன்றும், பெரும்பாலோர் திட்டத்தைக் கெடுத்துக்கொள்வதும் அப்போதுதான்.

இன்று எல்லாக் கடையிலும் கேட்கப்படுவது ஃபேட் வெட்டு. காதைச் சுற்றித் தோல் தெரிய எடுத்து, மேலே போகப் போக முடியின் அளவைக் கூட்டுவது. அதை நெற்றிப்பொட்டுக்கு மேலேவரை ஏற்றி வெட்டினால் பக்கங்களோடு பின்னந்தலையும் வழித்ததாகிவிடும். நேரே பார்த்தால் தலை குறுகும். பக்கவாட்டில் பார்த்தால் பின்பக்கம் தட்டையாகும். சிறிய மூக்கு உள்ளவருக்கு அது பொருந்தலாம். நம் மாப்பிள்ளைக்கு அது இன்னொரு அரை மொட்டை.

அவர் கேட்க வேண்டியது தாழ்ந்த டேப்பர். காதோரமும் கிருதாவும் பிடரியின் அடிப்பகுதியும் மட்டும் 2-ஆம் நம்பர், அதாவது 6 மில்லிமீட்டர். காதின் மேல் நுனியிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்குள் அது மறைந்துவிட வேண்டும். அதற்கு மேலே, குறிப்பாகப் பின்னந்தலையின் மேட்டிலும் உச்சியிலும், மெஷின் படக்கூடாது. மெஷின் நம்பர்கள் தெரிந்திருந்தால் பேச எளிது: 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் சுமார் 10, 4 என்றால் சுமார் 13.

தாடியில் செய்ய வேண்டியது இன்னும் குறைவு. கன்னத்தில் 5 அல்லது 6 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டு, முகவாயில் இருப்பதை அப்படியே விட வேண்டும்.

கழுத்துக் கோடுதான் ஆபத்தான இடம்

தாடி திருத்தும்போது மூக்கைப் பெரிதாகக் காட்டிவிடும் தவறு ஒன்று உண்டு. அது மூக்கிலிருந்து வெகுதூரத்தில், கழுத்தில் நடக்கிறது. சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று கழுத்து முடியைத் தாடை எலும்புவரை மழித்துவிடுவார்கள். நேரே பார்க்கும்போது கோடு அழகாக இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் தாடி முகவாயின் விளிம்பிலேயே முடிந்துபோய், அதற்குக் கீழே உள்ள சதை வெளியே தெரியும். முகவாய் இருப்பதைவிடச் சிறிதாகிவிடும். முகவாய் சிறுத்தால் மூக்கு பெருக்கும்.

சரியான கோடு, தொண்டையில் துருத்தி நிற்கும் குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு பக்கமும் மெல்ல வளைந்து காதின் பின்பக்கத்தை நோக்கிப் போக வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தலையை நேராக வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் அந்தக் கோடு தெரியக்கூடாது. தலையைத் தூக்கினால்தான் தெரிய வேண்டும். நேராகப் பார்க்கும்போதே கோடு தெரிந்தால் அது மேலே ஏறிவிட்டது. திரும்ப வளர இரண்டு மூன்று வாரமாவது ஆகும்.

சுருள் முடி உள்ளவர்களுக்குக் கழுத்தில் ஒட்ட மழித்தால் முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து சிறு கட்டிகள் வருவதுண்டு. அப்படி வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழே கத்தி போடாமல், டிரிம்மரால் 1 மில்லிமீட்டர் விட்டு எடுப்பது நல்லது.

எட்டாம் வாரம்: முன்னால் வேண்டும், கீழே வேண்டாம்

இரண்டு மாதத்தில் முகவாயில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தாடி இருக்கும். இங்கேதான் முடி திருத்துபவரின் கைவேலை. உள்ளடங்கிய முகவாய்க்குத் தேவை முன்னோக்கிய பருமன். ஆனால் தாடி இயல்பாக வளர்வது கீழ்நோக்கி. அப்படியே விட்டால் முகம் கீழே நீளும். நீளமான மூக்கும் நீளமான முகமும் சேர்ந்தால், நெற்றியிலிருந்து மார்புவரை ஒரே கோடு போட்டது மாதிரி ஆகிவிடும். கூரான ஆட்டுத்தாடி இவருக்குப் பொருந்தாததும் இதனால்தான்; அது மூக்கு காட்டும் திசையையே தானும் காட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். தாடியை முதலில் முன்னோக்கிச் சீவ வேண்டும். பிறகு முகவாயின் அடியில் தொங்கும் முடியை மட்டும் தட்டையாக வெட்ட வேண்டும். முன்பக்கத்து முடியில் கை வைக்கக்கூடாது. கன்னத்தில் 6 மில்லிமீட்டர், தாடை மூலையில் 10, முகவாயின் முன்புறம் 18 முதல் 20 என்று படிப்படியாகக் கூட வேண்டும். அடிப்பகுதி கூராக இல்லாமல் வாயின் அகலத்துக்குச் சற்றே வட்டமாக முடிய வேண்டும். 2 சென்டிமீட்டர் முடி முழுவதும் முன்னால் நிற்காது. சாய்ந்து வளர்வதால் ஏறக்குறைய பாதிதான் பலன் தரும். பென்சில் சோதனையில் கண்ட இடைவெளியை நிரப்ப அந்த 1 சென்டிமீட்டர் போதும்.

கன்னத்தில் தாடி திட்டுத்திட்டாக வளர்கிறவர்கள் முழுத்தாடிக்குப் போராட வேண்டியதில்லை. கன்னத்தை 3 மில்லிமீட்டரில் வைத்துக்கொண்டு, வாயைச் சுற்றி மீசையோடு இணைந்த குறுந்தாடியை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு வளர்க்கலாம். பக்கவாட்டுக்கு வேண்டியது முகவாயில் இருக்கும் முடிதான். கன்னத்து முடி அல்ல.

மீசைக்கு ஒரே விதி: அது மூக்கைவிட அகலமாக இருக்க வேண்டும். மூக்கின் இரண்டு துவாரங்களுக்கு இடையிலேயே முடிந்துவிடும் மீசை மூக்கின் அகலத்தை அளந்து காட்டும். வாயின் இரண்டு மூலைவரை போய்த் தாடியோடு சேரும் மீசை, மூக்குக்கு அகலமான ஓர் அடித்தளம் தரும். நீளத்தைவிட அகலம் கூடிய மூக்கு உள்ளவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். அவர்களுக்கு இது இன்னும் முக்கியம் என்றே சொல்லலாம். சிரிக்கும்போது மூக்கு நுனி கீழே இறங்குகிறவர்கள் உதட்டின் மேல் முடி தொங்காதபடி மீசையின் கீழ்விளிம்பை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சிரிக்கும் படத்தில் மூக்கும் மீசையும் ஒன்றாகி, உதடே காணாமல் போகும்.

பன்னிரண்டாம் வாரம்: வகிடும் ஹெல்மெட்டும்

மூன்று மாதத்தில் தலையில் 3.5 சென்டிமீட்டர். இப்போதுதான் சீவுவதற்கு முடி இருக்கிறது. நடு வகிடு வேண்டாம். அது நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை கண்ணை நேர்கோட்டில் இறக்கிவிடும். எண்ணெய் தடவிப் படிய வாரிப் பின்னுக்குத் தள்ளுவதும் வேண்டாம். அது ஏறக்குறைய மொட்டையின் வேலையைச் செய்யும். முன்முடியைக் கொஞ்சம் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தால், நெற்றிக்கு மேலே பருமன் கிடைக்கும். பார்வையும் ஒரு பக்கம் விலகும். மூக்கே ஒரு பக்கம் சற்று வளைந்திருந்தால், முடியை அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ப்பது நல்லது.

பினாங்கில் இதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று வெப்பமும் ஈரக்காற்றும். இன்னொன்று ஹெல்மெட். காலையில் பாலத்தைக் கடந்து வருவதற்குள் தூக்கிச் சீவிய முடி உச்சந்தலையோடு ஒட்டிவிடும். ஈரத் தலையில் ஹெல்மெட் போடுவதுதான் இதற்கு முக்கியக் காரணம். முடி எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்திலேயே நிற்கும். தலையைக் காயவைத்துவிட்டு ஹெல்மெட் போட்டு, போய்ச் சேர்ந்த பிறகு விரல்களை நனைத்து வேர்ப்பகுதியைக் கிளறிவிட்டால் பாதி பருமன் திரும்பிவரும். பளபளக்கும் ஜெல் முடிகளை ஒன்றோடொன்று ஒட்டித் தலையோட்டைக் காட்டும். பளபளப்பில்லாத கிரீம் அல்லது களிமண் வகைப் பூச்சு பட்டாணி அளவு போதும்.

கல்யாண வாரம்

கடைசியாக வெட்டிக்கொள்ள வேண்டியது கல்யாணத்துக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு. முதல் நாள் வெட்டினால் காதோரத்திலும் கழுத்திலும் வெயில் படாத தோல் வெளுப்பாகத் தெரியும். கோடுகள் கூர்மையாக இருக்கும். தவறு நேர்ந்தால் சரிசெய்ய நாளும் இருக்காது. முதல் நாள் செய்ய வேண்டியது கழுத்துக் கோட்டையும் மீசையின் விளிம்பையும் சுத்தம் செய்வது மட்டுமே.

இன்னொரு செய்தியை மாப்பிள்ளைகள் பலர் அன்று காலையில்தான் உணர்கிறார்கள். முகூர்த்த நேரத்தில் தலையில் தலைப்பாகை வைத்தால், நான்கு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த முடி அதற்குள் மறைந்துவிடும். தாலி கட்டும் படத்தில் மூக்குக்குத் துணை நிற்பது தாடியும் தலைப்பாகையும்தான். தலைப்பாகை நெற்றியில் மிகக் கீழே இறங்கினால் முகம் சுருங்கி மூக்கு முன்னுக்கு வரும். புருவத்துக்கு மேலே இரண்டு மூன்று விரல் நெற்றி தெரியும்படி வைத்து, முன்கூட்டியே ஒரு தடவை போட்டுப் பார்த்து, 5 அடி தூரத்தில் ஒரு பக்கவாட்டுப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. தலைமுடியின் பலன் மாலை விருந்தில்தான் தெரியும்.

படம் எடுப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். மணவறையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும்போது, எல்லோரையும் படத்துக்குள் கொண்டுவர அகலக் கோணத்தில் கிட்டே வந்து எடுப்பார்கள். செல்ஃபியில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். முகம் மட்டும் வரும் படங்களைச் சற்றுத் தள்ளி நின்று பெரிதாக்கி எடுக்கச் சொன்னால் போதும்.

தாடி வைக்க முடியாத வேலைகள்

எல்லா வேலைக்கும் இந்த வழி ஒத்துவராது. தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலைக்கு முகத்தோடு இறுகப் பொருந்தும் காப்பு மூடி அணிகிறவர்கள், மூடியின் விளிம்பு படும் இடத்தில் முடி வைத்திருக்கக்கூடாது. சில நாள் வளர்ந்த குறுமுடிகூட இடைவெளி உண்டாக்கி நச்சுக்காற்றை உள்ளே விடும். அவர்களுக்கு வேலை இருக்கும்வரை மூடிக்குள் முழுவதும் அடங்கும் சிறு குறுந்தாடிதான் சாத்தியம். அதையும் மூடியைப் போட்டுப் பார்த்து, விளிம்பில் முடி சிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மின்னணுத் தொழிற்சாலையின் தூய்மை அறையில் வேலை செய்பவர்கள் தாடி உறை போடவேண்டி வரலாம். நிறுவனத்தின் விதியைக் கேட்டுக்கொண்டு வளர்ப்பது நல்லது. தாடி வழி அடைபட்டவர்களுக்கு மிஞ்சுவது தலைமுடி. அவர்கள் பின்னந்தலையின் பருமனைக் காப்பாற்றினாலே தராசின் ஒரு தட்டு நிற்கும்.

முடியும் தாடியும் மாற்றக்கூடியது தோற்றத்தை மட்டும்தான். அடிபட்டு மூக்கு வளைந்து, ஒரு துவாரத்தில் எப்போதும் மூச்சு அடைக்கிறது என்றால் அது முடி வெட்டும் கடைக்கான கேள்வி அல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

நம் மாப்பிள்ளையின் கணக்கைக் கடைசியாக ஒருமுறை பார்ப்போம். கல்யாணத்தன்று அவருக்கு உச்சியிலும் பின்னந்தலையிலும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் முடி, காதோரத்தில் 6 மில்லிமீட்டர், கன்னத்தில் 6, முகவாயின் முன்புறம் 2 சென்டிமீட்டர். நான்கு மாதத்தில் அவர் வெட்டிக்கொண்டதைவிட வெட்டாமல் விட்டதே அதிகம். மூக்கு தைப்பூசத்தன்று இருந்த அதே அளவுதான். பக்கவாட்டுப் படத்தில் இப்போது அதற்கு முன்னும் பின்னும் துணை நிற்கிறது.